போர்ட்ரெய்ட் படத்தில் கரையும் கண்ணாடிச் சட்டமும் நரைமுடியும்: மாஸ்க்கைத் திருத்த உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். திருவையாற்றுப் படித்துறையில் என் பெரியம்மாவைப் போர்ட்ரெய்ட் முறையில் எடுத்த படத்தில், மூக்குக்கண்ணாடியின் ஒருபக்கச் சட்டம் பாதியில் கரைந்து பின்னணியோடு கலந்துவிட்டது. மங்கலாக்கம் இல்லாத அசல் படத்தை ஜிம்ப் செயலியில் கீழடுக்காகவும் மங்கலான படத்தை மேலடுக்காகவும் வைத்து, மேலடுக்கின் மாஸ்க்கில் சட்டத்தின்மீது மட்டும் கெட்டியான விளிம்புள்ள சிறு தூரிகையால் கருப்பைத் தீட்டியதும் அது மீண்டது.

முடியில்தான் சிக்கல். தீட்டினால் இழைகளுக்கு நடுவே தெரியும் மரங்களும் கூர்மையாகின்றன. தீட்டாவிட்டால் நரையின் வெண்மை பின்னணியில் கசிந்து தலையைச் சுற்றி வளையமாக நிற்கிறது. உருவத்தை அகற்றி, அவ்விடத்தை அக்கம்பக்கத்துப் பின்னணியால் நிரப்பிய பிறகு மங்கலாக்கினால் இக்கசிவு வராது என்பது தெரிகிறது. இழைகளுக்கான மாஸ்க்கை நீலச் சேனலின் நகலிலிருந்து எடுக்கிறேன். அதில் எதிர்க்கரையின் பச்சை இருண்டும் நரை வெளுத்தும் இருக்கின்றன. ஆனால் லெவல்ஸில் மரங்களை முழுக் கருப்பாக்கும்போது மெல்லிய இழைகளும் அறுந்துபோகின்றன. இழைகளைக் காத்துக்கொண்டு பின்னணியை மட்டும் இருட்டாக்கும் முறையை அறிந்தவர்கள் தயவுசெய்து படிப்படியாக விளக்குங்கள்.