தையல் பட்ட இடமெல்லாம் சிவக்கிறது: வெள்ளவத்தைப் பக்கம் எங்கே சட்டை வாங்கலாம்?

மகளுக்கு இன்று 19 நாள். வெள்ளவத்தையில் இருக்கிறோம். ஐந்து நாளாக அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் சிவந்த கோடு, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறாள். மருத்துவமாது பார்த்துவிட்டு, உடுப்பு உரசுவதுதான் என்றார்.

துணி நூறு வீதம் பருத்தி, கையில் பூப்போல இருக்கிறது. நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். உள்ளே திருப்பிப் பார்த்தால் ஓவர்லாக் தையல் தடித்து நிற்கிறது, நூல் நைலோன் போல விறைப்பு. சிவப்புக் கோடு சரியாக அந்தத் தையல் ஓடும் இடம். வட்டம், உலோக அமுக்குப் பொத்தானின் பின்பக்கம் தோலில் படும் இடம்.

லேபலை வெட்டினேன். வாசனைத் திரவம் போடாமல் மூன்று முறை கழுவினேன். பொத்தானுக்குப் பின்னால் துணி வைத்துத் தைத்ததில் வட்டம் மங்கியது. கோடு மட்டும் போகவில்லை. இரண்டு நாளாகச் சட்டையை உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போடுகிறேன், கோடு வெளிறுகிறது. ஆனால் அப்போது பொத்தானைப் பூட்டுவது சிரமம், சட்டை விலகிவிடுகிறது. அம்மா சிரிக்கிறா.

தையல் வெளிப்பக்கம் இருக்கிற, முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் பக்கவாட்டில் நாடா கட்டுகிற பருத்திச் சட்டை வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ எந்தக் கடையில் கிடைக்கும்?