கலைச்சொல் தேவை: ஓர் அடுக்கு கூட்டும் உயரத்துக்கு என்ன பெயர்?

மல்லிகா: வணக்கம். எட்டாம் வகுப்புக் கணக்குப் பயிற்சித்தாள் ஒன்றை நாளை மாலைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். லாரி நிறைய உரித்த தேங்காய் இருக்கும் படம். ஓர் அடுக்கை எண்ணி, அடுக்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி, மொத்தத்தைக் கணிக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் சுமையின் உயரத்தில் எவ்வளவு கூட்டுகிறது என்பதற்குச் சொல் வேண்டும். ‘அடுக்குத் தடிமன்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

கதிரவன்: வேண்டாம் அம்மா. தடிமன் என்றதும் பிள்ளைகள் காயின் குறுக்களவை எடுத்துக்கொள்வார்கள். தொட்டி நீளம் 480 செ.மீ., அகலம் 192, சுமையின் உயரம் 120, காயின் குறுக்களவு 12 என்று வையுங்கள். நீளத்தில் 40, அகலத்தில் 16, ஆக ஓர் அடுக்கில் 640. 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10 அடுக்கு, விடை 6,400. இது குறைவு. மேலே விழும் காய் கீழ்க்காயின் உச்சியில் நிற்காது, நான்கு காய்களுக்கு நடுவிலுள்ள குழியில் போய் உட்காரும். அதனால் அடுத்த அடுக்கு 12 செ.மீ. கூட்டாது, ஏறத்தாழ 8.5தான் கூட்டும். சொல் அந்தக் குறைவைக் காட்ட வேண்டும்.

நசீர்: அப்படியென்றால் எந்த லாரிக்கும் குறுக்களவை 0.7-ஆல் பெருக்கினால் போதும். முதல் அடுக்குக்கு 12, மீதி 108-இல் 8.5 வீதம் 12 அடுக்கு. மொத்தம் 13 அடுக்கு, 8,320 காய்.

கதிரவன்: பாதி சரி, நசீர். குழியில் உட்காரும் அடுக்கில் 39 × 15 = 585 காய்தான் கொள்ளும். 640 வீதம் ஏழு, 585 வீதம் ஆறு, மொத்தம் 7,990. அதுவும் கையால் அடுக்கினால்தான். கொட்டிய சுமையில் காய்கள் இடத்தில் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத்தான் நிரப்பும். கணக்கு 7,300-க்கு அருகில் நிற்கும். 640-ஐ அப்படியே வைத்துக்கொண்டால், ஓர் அடுக்குக்கு 10.5 செ.மீ. என்று வருகிறது. படத்தில் பலகையை ஒட்டிய காய்கள் வரிசையாகத் தெரிந்தாலும் உள்ளே அந்த ஒழுங்கு இராது.

இளம்பரிதி: ‘படை’ என்ற சொல்லை ஏன் மறந்தீர்கள்? பாறையைப் படை படையாகப் படிந்தது என்கிறோமே. ‘படையேற்றம்’ என்று வைக்கலாம்.

நசீர்: ஐயா, எட்டாம் வகுப்புப் பிள்ளை அதைப் போர் என்றுதான் படிக்கும்.

சாந்தி: முட்டைத் தட்டுகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. தட்டுக்கு 30, தட்டுகளை எண்ணினால் முடிந்தது. தேங்காய்க்கு மட்டும் ஏன் தனிச்சொல்?

இளம்பரிதி: தட்டைத் தனியே தூக்கலாம், அம்மா. அது அடுக்குத்தொடர் போல. ‘பாம்பு பாம்பு’ என்பதைப் பிரித்தாலும் பொருள் நிற்கும். கொட்டிய தேங்காயோ இரட்டைக்கிளவி. ‘சலசல’வைப் பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது, இரட்டைக்கிளவி பிரிந்திசையாது என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஒன்றின் குழியில் மற்றது புதைந்திருப்பதை ‘அடுக்கு’ என்பதே தவறு. ‘செறிவு’ என்ற வேரிலிருந்து தொடங்குவோம்.

கதிரவன்: செறிவு வேறு பாடத்தில் வேறு பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐயா. ஆனால் பிரிக்க முடியாத அடுக்கு என்று நீங்கள் சொன்னது மிகச் சரி. மேலிருந்து எடுத்த படத்தில் பாதி மறைந்த காய் எந்த அடுக்கு என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். முகம் பாதிக்குமேல் தெரிந்தால் மேலடுக்கு, இல்லையேல் விடு என்று ஒரு வரி சேருங்கள். குவியலின் நடு 30 செ.மீ. உயர்ந்து, இருபுறப் பலகையை நோக்கிச் சீராகச் சரிந்தால் 15 மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். முழு 30-ஐயும் சேர்த்தால் 900 காய் கூடிவிடும்.

மல்லிகா: இரண்டையும் சேர்க்கிறேன். ‘அடுக்கேற்றம்’ எப்படி?

சாந்தி: லாரிக் கணக்கில் ஏற்றம் என்றால் சுமை ஏற்றுவது என்றே படுமே!

நசீர்: ‘அடுக்குயரம்’ போதும். குற்றியலுகரம் கெட்டு ஒழுங்காகப் புணர்கிறது, படித்ததும் புரிகிறது.

சாந்தி: எனக்கும் சரி.

மல்லிகா: நேரமில்லை; ‘அடுக்குயரம்’ என்றே அனுப்புகிறேன். முதல் முறை வருமிடத்தில் ‘காயின் குறுக்களவைவிடக் குறைவு’ என்று விளக்கம் இருக்கும்.

கதிரவன்: அனுப்புங்கள். ஆனாலும் அடுக்கிய எல்லாவற்றின் மொத்த உயரத்தையும் அடுக்குயரம் என்றே படிக்க இடமிருக்கிறது. 120-ஐ அந்த இடத்தில் போடும் பிள்ளைக்கு ஓர் அடுக்குதான் கிடைக்கும்.

இளம்பரிதி: படையேற்றத்தில் அந்த மயக்கம் இல்லை.