நம் ஊர்ப் பள்ளியில் படப் பின்புலம் மாற்றும் வகுப்பு: திருத்திய பாடத்திட்டம்

அன்புள்ள ஊரார் அனைவருக்கும் யாங்கோனிலிருந்து வணக்கம்.

சென்ற மடலில் நான் அனுப்பிய பாடத்திட்டத்தைப் படித்து மூவர் விரிவாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கருத்துகளையும் மனத்தில் கொண்டு திட்டத்தைத் திருத்தியிருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு, இரண்டு வெள்ளிக்கிழமைகளில், பள்ளி விட்டதும் ஒன்றரை மணி நேரம் வீதம் வகுப்பு நடக்கும். பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். போன்கள் ஐந்துதான் இருக்கும். ஊரில் மின்சாரம் முறை வைத்து வருவதாலும், இணையக் கட்டணம் பெற்றோருக்குச் சுமை என்பதாலும், இணையம் இல்லாமலே வேலை செய்கிற, விளம்பரம் குறுக்கிடாத Snapseed செயலி ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ஊருக்குப் போன பிறகு Zapya வழியாக ஒரு போனிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அப்படி அனுப்பிய செயலியைச் சில போன்கள் நிறுவ மறுப்பதை இங்கே சோதித்தபோது கண்டதால், ஐந்து போன்களிலும் யாங்கோனிலேயே ஏற்றிக் கொண்டுபோகிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை முழுவதும் படம் எடுப்பதற்கே போய்விடும். பின்புலம் மாற்றும் வகுப்பில் செயலியைத் தொடாமல் ஒரு நாள் கழிவதா என்று சென்னைத் தம்பி கேட்டிருந்தார். இருபது ஆண்டுகள் ஸ்டூடியோவில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒட்டிய படம் ஒட்டியதாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் வெட்டியவர் காரணமில்லை, எடுத்தவர்தான் காரணம்.

சிங்கப்பூர் அண்ணன், சினிமாவில் செய்வதுபோல் பச்சைத் துணியைப் பின்னால் கட்டினால் வேலை எளிது என்று எழுதி, துணி வாங்கி அனுப்பவும் முன்வந்தார். பின்னால் ஒரே நிறத்தில் துணி கட்ட வேண்டும் என்பது சரி. ஆனால் அண்ணன் ஊரை விட்டுப் போய் நாளாகிவிட்டது போலும். நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நேராக வருகிறவர்கள், அரசுப் பள்ளிச் சீருடை வெள்ளைச் சட்டையும் பச்சை லோஞ்சியும். நிறத்தைப் பார்த்து நீக்குகிற எந்தக் கருவியும் பச்சைத் துணியோடு இடுப்பில் தெரியும் லோஞ்சியையும் சேர்த்து விழுங்கிவிடும். விரலால் தீட்டும் முறையிலும் பச்சை மேல் பச்சை இருந்தால் விளிம்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. பள்ளியின் வெள்ளைச் சுவரும் இதே காரணத்தால் உதவாது. சட்டையின் தோள் சுவரில் கரைந்துபோகும். எனவே வெளிறிய நீல நிறப் படுக்கை விரிப்பு ஒன்று போதும்.

அந்த விரிப்பைத் தாழ்வாரத்தின் ஓரத்தில் கட்டி, பிள்ளையை அதிலிருந்து நாலைந்து அடி முன்னால் நிறுத்த வேண்டும். ஒட்டி நின்றால் பிள்ளையின் நிழல் துணியில் விழும், துணியின் நீலம் கன்னத்து ஓரத்திலும் சட்டைக் கையிலும் ஏறும். பின்னர் பின்புலத்தை எவ்வளவு நேர்த்தியாக மாற்றினாலும் அந்த நீல ஓரம் காட்டிக்கொடுக்கும். தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரச் சொல்லிவிடுங்கள். பறக்கும் முடியைப் போன் திரையில் விரலால் பிரிக்க என்னாலேயே முடியாது. இடுப்பளவுப் படம் மட்டுமே எடுப்போம். கால் தெரிந்தால் தரையில் நிழல் வரைய வேண்டிவரும், அது முதல் பாடத்துக்கு உரியதன்று.

இனி, என் ஆசான் எனக்குக் கற்றுத்தந்த ஒன்று. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் படிக்கட்டும் பூந்தொட்டியும் ஏரியும் வரைந்த திரை ஒன்று இருந்தது. ஆளை நிறுத்துவதற்கு முன் அவர் கேமராவின் உயரத்தைத்தான் திரையைப் பார்த்துச் சரிசெய்வார். சமதரையில் நிற்பவரைப் படம் எடுத்தால், தொடுவானம் அவரது உடலைக் கேமரா இருந்த உயரத்திலேயே குறுக்காக வெட்டும். 140 செ.மீ. உயரமுள்ள பெண்ணை, 120 செ.மீ. உயரத்தில் வைத்த போனால் எடுத்தால், தொடுவானம் அவளது தாடையை ஒட்டிப் போக வேண்டும். ஒட்டும்போது அதை இடுப்புக்கு இறக்கிவிட்டால் அவள் வயல்மேட்டில் ஒரு பூதம்போல் எழுந்து நிற்பாள். தலைக்கு மேல் ஏற்றிவிட்டால் பள்ளத்துக்குள் நிற்கும் குள்ளியாகிவிடுவாள். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொருந்தவில்லை என்று உடனே தெரியும். ஆகவே பெஞ்சின் மேல் முக்காலி வைத்து, போனை 120 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, அந்த அளவைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுவோம். பிள்ளைகள் அதே உயரத்தில் போனைப் பிடித்துப் பள்ளிக்குப் பின்னாலுள்ள வயலையும் எடுத்துக்கொள்வார்கள். மழைக்கால மேகமூட்டம் இங்கே நமக்கு உதவி. வெயில் இல்லாததால் வயலில் நிழல் எந்தப் பக்கமும் விழாது, தாழ்வார வெளிச்சத்தோடு பொருந்திப்போகும்.

மதுரைக் கோபுரத்தின் முன் நிற்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்கட்டும். உச்சி வெயிலில் எடுத்த கோபுரப் படம் ஒன்றைக் கொண்டுபோய், மங்கலான தாழ்வாரத்தில் எடுத்த முகத்தை அதன் முன் ஒட்டிக் காட்டப்போகிறேன். எது தவறு என்று அவர்களே கண்டுபிடிப்பது, நான் சொல்வதைவிட மேலானது.

இரண்டாம் வெள்ளிக்கிழமைதான் செயலி. நான் கடந்த வாரம் என் அண்ணன் மகளின் படத்தை வைத்து முழுவதும் செய்து பார்த்தேன்; அதே வரிசையில் கற்பிப்பேன். முதலில் பிள்ளையின் படத்தைத் திறக்க வேண்டும், ஏனெனில் முதலில் திறக்கும் படத்தின் அளவே கடைசிவரை நிற்கும். பிறகு Tools என்பதில் Double Exposure சென்று, வயல் படத்தை மேலே ஏற்ற வேண்டும். அது அரைகுறையாகத் தெரியும் நிலையிலேயே இரண்டு விரலால் நகர்த்தி, தொடுவானத்தைத் தாடைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதன் பிறகு ஒளிபுகாத் தன்மையின் அளவை வலது கோடிக்குத் தள்ளினால் வயல் முழுவதுமாகப் பிள்ளையை மறைத்துவிடும். இந்த இடத்தில் பிள்ளைகள் பதறுவார்கள். பதற வேண்டாம் என்று சொல்லி, ஒப்புக்குறியைத் தொடச் செய்வேன்.

அடுத்து மேலே உள்ள அடுக்குக் குறியைத் தொட்டு View edits திறந்து, அதில் Double Exposure என்பதைத் தொட்டால் தூரிகைக் குறி வரும். அதற்குள் போனதும் வயல் மறைந்து பிள்ளையின் பழைய படம் திரும்பிவிடும். இனி விரல் படுகிற இடத்தில் மட்டுமே வயல் வரும். தூரிகையின் வலு 100 இல் இருக்க, முதலில் படத்தைப் பெரிதாக்காமல் துணியின் பரந்த பகுதியைத் தீட்ட வேண்டும். பிறகு பெரிதாக்கி ஓரங்களுக்கு வர வேண்டும். இந்தச் செயலியில் தூரிகையின் பருமனை மாற்றத் தனி விசை இல்லை. படத்தைப் பெரிதாக்கினால் தூரிகை அதற்கேற்பச் சிறுத்துவிடும். தோளுக்குள் தவறிப் போய்விட்டால் வலுவை 0 ஆக்கி அதே இடத்தைத் தீட்டினால் சட்டை திரும்பும். முடியோரத்தில் 100 வேண்டாம். 50 அல்லது 25 வைத்து ஒருமுறை தடவினால் கத்தரித்த அட்டைபோல் தெரியாது. என் அண்ணன் மகளின் படத்தில் கைக்கும் இடுப்புக்கும் இடையிலிருந்த சிறு முக்கோண இடைவெளியை நான் மறந்துவிட்டேன். அங்கே மட்டும் நீலத் துணி தெரிய, வயல் நடுவே யாரோ தண்ணீர்க் குடத்தை வைத்ததுபோல் இருந்தது. அந்தப் படத்தை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவருகிறேன்.

முடிந்ததும் Export தொட்டுத் தனிப்படமாகச் சேமிக்க வேண்டும். வேலையின் நடுவே அழைப்பு வந்து செயலியை விட்டு வெளியேறினால், நினைவகம் குறைந்த போன்களில் செய்தது போய்விடலாம் என்பதால் வகுப்பு முழுவதும் விமானப் பயன்முறையில் வைக்கச் சொல்வேன். புதிய பதிப்பு உள்ள போன்களில் குறிகள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால் ஐந்து போன்களிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறேன்.

இத்தனை பாடு எதற்கு, படத்தை ஏற்றினால் நொடியில் பின்புலத்தை நீக்கித் தரும் remove.bg இருக்கிறதே என்று சென்னைத் தம்பி கேட்டதற்குப் பதில்: கடைசிக் கால் மணி நேரத்தில் என் போனின் இணையத்தில் அதையும் காட்டுவேன். முடியை அது என்னைவிட நன்றாகவே பிரிக்கிறது. ஆனால் இலவசமாகக் கிடைப்பது 0.25 மெகாபிக்சல் படம், அதாவது சுமார் 625க்கு 400 புள்ளிகள். போன் திரையில் நன்றாக இருக்கும், ஆறு அங்குல அகலத்தில் அச்சிட்டால் மங்கும். அது வெட்டித் தருமே தவிர, தொடுவானத்தை எங்கே வைப்பது என்று சொல்லாது. தம்பி இதை ஏற்கமாட்டார் என்று நினைக்கிறேன்; அவருடைய மறுமொழியை எதிர்பார்க்கிறேன்.

கோலாலம்பூர் அத்தை, காலஞ்சென்ற மாமாவின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பேத்தியின் திருமணப் படத்தில் சேர்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும்படி கேட்டிருந்தார். அத்தை, அது பின்புலம் மாற்றும் வேலை அன்று, ஆளைச் சேர்க்கும் வேலை. மாமாவின் படம் சிறியது, வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து விழுந்தது, வண்ணமும் இல்லை. பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். அட்டையை நிழலில் வைத்து நேர் மேலிருந்து எடுத்து, சுருக்காமல் கோப்பாக எனக்கு அனுப்புங்கள். திருமணப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிச் சேர்த்தால் ஓரளவு பொருந்தும், செய்து தருகிறேன். அமெரிக்க விசாவுக்கான படத்தின் பின்புலத்தை இதே முறையில் வெள்ளையாக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம்; திருத்திய படங்களை அவர்கள் ஏற்பதில்லை. வெள்ளைச் சுவரின் முன் நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பெண் பிள்ளைகளின் படங்கள் பிறர் போன்களில் தங்கக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்கிறார். ஐந்து போன்களில் மூன்று பிற வீட்டாருடையவை. வகுப்பு முடிந்ததும் என் முன்னால் அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். அழித்தவை சில வாரங்கள் குப்பைத் தொட்டியில் கிடக்குமே என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் சொல்வது சரிதான். அந்த மூன்றுக்குப் பதிலாகப் பழைய ஆண்ட்ராய்டு போன் யாரிடமாவது சும்மா கிடந்தால், மே மாத முடிவுக்குள் யாங்கோன் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். திரை விரிசல் இருந்தாலும் பரவாயில்லை, தொடுதல் வேலை செய்தால் போதும். சிங்கப்பூர் அண்ணனுக்கு: துணி வேண்டாம், போன் இருந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்,
யாங்கோன் ஸ்டூடியோக்காரன்