அம்மா போட்ட கடிதம், நாலு மாசத்தில் ஏறிய 13 கிலோ

ஓசூர்வாசி:
பொங்கலுக்கு 71 கிலோ, வைகாசியில் 84. ஹோட்டல் சாப்பாடுதான் காரணம்னு நினைச்சேன். போன்ல அம்மா பேச்செடுத்தாலே கட் பண்ணிடுவேன். அதனால கடிதம் போட்டாங்க. "நீ போயிருந்த கல்யாண போட்டோ பார்த்தேன். மூஞ்சி பூரி மாதிரி உப்பியிருக்கு, கை கால் குச்சியா இருக்கு. தின்னு வர்ற சதை உடம்பு பூரா வரும்ப்பா. டாக்டரைப் பாரு. காசு இல்லேன்னா சொல்லு, கம்மலை வைக்கிறேன்."

டாக்டர் எடை கூட பார்க்கலை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கை ஊணாம எழுந்திருன்னார். முடியலை. 29 வயசுல தரையில உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தேன். சட்டையைத் தூக்கினா வயித்துல விரல் அகலத்துக்கு ஊதா வரிகள். "என்ன மருந்து சாப்பிடறே?" மருந்தா? முதுகுவலிக்கு ஒருத்தர் கொடுத்த பொடி, பொங்கல்ல இருந்து தினம் ரெண்டு வேளை. அதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வெச்சுட்டார்.

மதுரை அக்கா:
இது தைராய்டுதான் தம்பி. எனக்கும் அப்படித்தான் ஏறுச்சு. டி.எஸ்.எச். பாருங்க.

சுப்பு:
அக்கா, தைராய்டு குறைஞ்சா பெரும்பாலும் சில கிலோதான் ஏறும், அதுலயும் பெரும்பகுதி நீர். ஊதா வரி வராது. நாட்டுப்பொடியைக் குறை சொல்றதும் சரியில்லை. எங்க தாத்தா காலம் பூரா சாப்பிட்டார்.

வார்டு நர்ஸ்:
சுப்பு, மூலிகையை யாரும் குறை சொல்லலை. வலி உடனே நிக்கணும்னு சில பொடியில ஸ்டீராய்டு கலக்கறாங்க. அது சேரச் சேர இப்படித்தான் மூஞ்சி உப்பும், கை கால் மெலியும், ஊதா வரி விழும். ரெண்டே நாள்ல வலி பறந்தா, நல்லாப் பசிச்சா சந்தேகப்படணும். தம்பி, பொடியை நீங்களா நிறுத்தலையே? வெளியில இருந்து வர்ற ஸ்டீராய்டைப் பார்த்து அட்ரினல் சுரப்பி வேலையை விட்டுடும். திடீர்னு நிறுத்தினா வாந்தி, மயக்கம், பிரஷர் விழும். ஒருத்தரை அப்படித்தான் ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. அந்தச் சுரப்பி சுரக்கற கார்டிசால் ஹார்மோனைக் காலை எட்டு மணிக்கு ரத்தத்துல பார்த்து, மாத்திரை கொடுத்துக் கொஞ்சங்கொஞ்சமா குறைப்பாங்க, மாசக்கணக்காகும். நடுவுல காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட உடனே சொல்லணும், அப்போ டோஸைக் கூட்டுவாங்க.

காரைக்குடி அம்மா:
என் பையனுக்கும் எழுதினேன், பதில் இல்லை. அவனுக்குக் கால் வீக்கம். கட்டை விரலால அழுத்தினா பள்ளம் அப்படியே நிக்குது. அதுவும் பொடியாலயா?

வார்டு நர்ஸ்:
அது நீரும்மா. சிறுநீரகம், இதயம், கல்லீரல் எதுவா இருந்தாலும் அப்படி வரும். சிறுநீர் நுரைச்சுப் போகுதான்னு கேளுங்க. காத்திருக்காம யாரையாவது அனுப்பிக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

ஓசூர்வாசி:
நானா நிறுத்தலை அக்கா. கார்டிசால் அடிமட்டத்துல இருந்துச்சு. இப்ப மாத்திரை குறைச்சுட்டு வர்றாங்க, 79 ஆயிருக்கு. பொடியில என்ன கலந்திருந்துச்சுன்னு உறுதியாத் தெரியலை, பாக்கெட்டை முன்னாடியே தூக்கிப் போட்டுட்டேன். வேற ஒண்ணுதான் உறுத்துது. அந்தக் கடிதம் பத்து நாள் பிரிக்காம பைக் கவர்ல கிடந்துச்சு. கல்யாணப் பேச்சா இருக்கும்னு நினைச்சேன்.