வக்கீல் ஆபீஸுக்கு பிரிண்டர்: இங்க் டேங்கா, லேசரா?

மனு_டைப்பிஸ்ட்
திருநெல்வேலியில சின்ன வக்கீல் ஆபீஸ். மாசம் சுமார் 800 பக்கம், ஏறக்குறைய எல்லாமே கறுப்பு எழுத்து. நடுவுல முத்திரைத்தாளும் வரும். கடையில சொன்ன விலை: லேசர் 13,500. அதுக்கு ஒரிஜினல் டோனர் 2,900 (2,600 பக்கம்), டிரம் தனியா 5,400 (12,000 பக்கம்). இங்க் டேங்க் 15,000, கறுப்பு பாட்டில் 700 (6,000 பக்கம்). எதை வாங்கலாம்?

பொடிமட்டை
யோசிக்கவே வேணாம், லேசர். மே மாசம் கோர்ட் லீவு விட்டா இங்க் பிரிண்டர் ஒரு மாசம் சும்மா கிடக்கும், ஜூன்ல திறந்தா ஹெட் அடைச்சிருக்கும். டோனர் வெறும் பொடி, காயறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. ரீஃபில் 300 ரூபாய்தான், பக்கம் 15 காசுகூட வராது.

காசுக்கணக்கு
லீவு விஷயம் சரி. 15 காசு சரியில்லை. எச்பி 12A, 88A மாதிரி கார்ட்ரிட்ஜில் டிரம்மும் உள்ளேயே இருக்கும். டோனர் பொடியை மட்டும் திரும்பத் திரும்ப நிரப்பினால் டிரம் தேய்ந்துகொண்டே போகும். பக்கத்தில் ஒரே புள்ளி சுமார் 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வந்தால் அது டிரம் தேய்ந்ததன் அடையாளம், எத்தனை முறை ரீஃபில் செய்தாலும் போகாது. கேட்டவர் பார்த்திருப்பது டிரம் தனியாக வரும் வகை. அவர் கொடுத்த விலையை வைத்தே போடுவோம்.

லேசர்: 2,900 ÷ 2,600 = 1 ரூபாய் 12 காசு. டிரம் 5,400 ÷ 12,000 = 45 காசு. ஆக 1 ரூபாய் 57 காசு.
இங்க் டேங்க்: 700 ÷ 6,000 = 12 காசு.

வித்தியாசம் பக்கத்துக்கு 1 ரூபாய் 45 காசு. 800 பக்கத்துக்கு மாதம் 1,160 ரூபாய். இங்க் டேங்க் விலையில் கூடுதலான 1,500 ரூபாய் இரண்டு மாதத்துக்குள் திரும்பிவிடும். ஒரிஜினல் டோனர்தான் வாங்குவேன் என்றால் லேசர் இந்தக் கணக்கில் நிற்காது.

பொடிமட்டை
ஒரிஜினல் யார் சார் வாங்குறா? கம்பாட்டிபிள் டோனர் 650, டிரம் 1,200-க்கு கிடைக்குது.

காசுக்கணக்கு
அப்போது 25 காசும் 10 காசும் சேர்ந்து 35 காசு. வித்தியாசம் 23 காசாகிவிடும், மாதம் 184 ரூபாய். ஒரு ரீம் பேப்பர் 280 என்றால் தாள் ஒன்றுக்கே 56 காசு. அதற்குப் பக்கத்தில் 23 காசை வைத்து ஏன் சண்டை போட வேண்டும்? இனி விலையை விட்டுவிட்டு வேலையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை 5 சதவீத மை அளவுக்கு. லீகல் தாள் ஏ4-ஐவிட ஐந்தில் ஒரு பங்கு நீளம். லைன் ஸ்பேசிங் குறைவாக விட்டு நெருக்கி அடித்தால் 2,600-ஐ எதிர்பார்க்காதீர்கள்.

நிலா_அம்மா
பசங்க ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு போட்டோ, சார்ட் எல்லாம் இங்க் டேங்க்ல அருமையா வருதே. கலர் பக்கமே ரொம்ப மலிவு. இந்த விலை லேசர்ல கலரே இல்ல, அதை ஏன் வாங்கணும்?

பொடிமட்டை
அவங்க கேக்குறது மனு அடிக்கங்க, போட்டோ இல்ல.

கோர்ட்வாசல்_ஜெராக்ஸ்
மனுன்னதும் முதல்ல பார்க்க வேண்டியது கறுப்பு மை எந்த வகைன்னு. அதை யாரும் சொல்லல. எப்சன் 003 பாட்டில்ல கறுப்பும் டை மைதான். தாள்ல தண்ணி பட்டா கரைஞ்சு ஓடும், மேல ஹைலைட்டர் போட்டா எழுத்து இழுபடும். வக்கீல் கையில ஹைலைட்டர் இல்லாம கட்டே பிரிக்க மாட்டார். எச்பி GT53, கேனான் GI-71 ரெண்டுலயும் கறுப்பு பிக்மென்ட், காஞ்சதும் அசையாது. கடையில நம்பிக்கை இல்லன்னா ஒரு பக்கம் அடிச்சு வாங்கி, ஒரு நிமிஷம் விட்டு ஈர விரலால தேய்ச்சுப் பாருங்க. எழுத்து கலைஞ்சா அந்த மாடல் உங்களுக்கு வேணாம்.

முத்திரைத்தாள்ல லேசருக்கும் ஒரு தொல்லை இருக்கு. தாள் தடிமன். செட்டிங்ல சாதா பேப்பர்னே விட்டு அடிச்சா சூடு பத்தாம டோனர் ஒட்டாது. பார்க்க நல்லாத்தான் இருக்கும், நகத்தால சுரண்டினா பொடியா உதிரும், மடிச்ச இடத்துல எழுத்து போயிரும். டிரைவர்ல பேப்பர் டைப்பை `Thick Paper`னு மாத்தணும். டிரேயில வைக்காம ஒவ்வொண்ணா மேனுவல் ஃபீட்ல விடணும். பின்பக்க மூடியைத் திறந்து நேரா வெளிய வர்ற வசதி இருந்தா திறந்து வெச்சு அடிங்க, தாள் சுருளாது. முதல்ல அதே தடிமன்ல ஒரு வெத்துத்தாள் விட்டு நகத்தால சுரண்டிப் பார்த்துட்டு அப்புறம் முத்திரைத்தாளை வைங்க. வீணா போனா காசு திரும்பி வராது.

பொடிமட்டை
பிக்மென்ட்னா இன்னும் சீக்கிரம் அடைக்குமே? லீவுக்கு என்ன பதில்?

கோர்ட்வாசல்_ஜெராக்ஸ்
லீவைவிட சாயந்திரம்தான் ஆபத்து. ஆபீஸ் பூட்டும்போது சுவர் சுவிட்சை அணைச்சுட்டுப் போறாங்க. பிரிண்டர் பட்டனை அழுத்தி அணைச்சாத்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிமேல உக்காரும். கரண்ட்டை வெட்டினா சில நேரம் பாதி வழியிலயே திறந்து நிக்கும், அப்படியே காயும். பட்டன், விளக்கு அணையுற வரைக்கும் பொறுங்க, அப்புறம் சுவிட்ச். லீவுலயும் வாரம் ஒரு பக்கம், நாலு நிறமும் படுற மாதிரி அடிச்சா போதும்.

காசுக்கணக்கு
அப்படியும் கோடு விடுபட்டால் ஒரே மூச்சில் ஹெட் கிளீனிங் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. நாசில் செக் அடித்து, ஒருமுறை கிளீனிங், மறுபடி நாசில் செக். இரண்டு மூன்று சுற்றுக்கும் சரியாகவில்லை என்றால் அணைத்துவிட்டு 12 மணி நேரம் விட்டுப் பாருங்கள், பல நேரம் ஊறி வந்துவிடும். ஒவ்வொரு கிளீனிங்கிலும் வெளியேறும் மை உள்ளே இருக்கும் பஞ்சில்தான் போய்ச் சேர்கிறது. பஞ்சு நிறைந்தது என்று கணக்கு காட்டியதும் சில மாடல்கள் அடிப்பதையே நிறுத்திவிடும், சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். அந்தப் பஞ்சுப் பெட்டியை நாமே கழற்றி மாற்றும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள். அந்த 12 காசில் இது சேரவில்லை.

பொடிமட்டை
வேகத்தை ஏன் பேச மாட்டேங்குறீங்க? காலையில 60 பக்க மனு, நாலு செட், 240 பக்கம். நிமிஷத்துக்கு 30 பக்கம்னா லேசர்ல 8 நிமிஷம். சாதா இங்க் டேங்க் 10 பக்கம்னா 24 நிமிஷம். பத்தரைக்கு கோர்ட்ல கூப்பிடும்போது பக்கக் கணக்கு பேசிட்டு நிக்க முடியாது.

காசுக்கணக்கு
இது நியாயமான வாதம். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

மனு_டைப்பிஸ்ட்
அந்த காலை அவசரம் எங்ககிட்டயும் உண்டு, வாரம் ரெண்டு மூணு தடவை. கரண்ட் அடிக்கடி போகும், கம்ப்யூட்டருக்கு 600 VA யூபிஎஸ் இருக்கு. அதுலயே போடலாமா?

கோர்ட்வாசல்_ஜெராக்ஸ்
இங்க் டேங்க்னா தாராளமா, 20 வாட்கூட இழுக்காது. லேசரை அதுல போடாதீங்க. சூடேறுற நேரத்துல 500 வாட்டைத் தாண்டும், அந்த யூபிஎஸ் தாங்குறது 360 வாட் அளவுதான். கீ-னு கத்திட்டு கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைச்சுரும். லேசர் நேரா சுவர் பிளக்ல. கரண்ட் போனா அடிக்க முடியாது, அதுக்கு வழி இல்ல.

பொடிமட்டை
அதுக்கு இன்வெர்ட்டர் இருக்கே.

காசுக்கணக்கு
எத்தனை VA என்று பார்க்காமல் அப்படிச் சொல்லாதீர்கள். மனு சார், கரண்ட் போவது பெரும்பாலும் எந்த நேரத்தில்? காலை ஒன்பதரைக்கு என்றால் நான் பிக்மென்ட் கறுப்பு இங்க் டேங்க் பக்கம். இல்லையென்றால் கம்பாட்டிபிள் டோனரோடு லேசர். டோனரை வாரண்டி முடிந்தபிறகு மாற்றுங்கள்.

பொடிமட்டை
வாரண்டிக்காக ஒரு வருஷம் ஒன்றரை ரூபாய் கொடுக்கணுமா? முதல் டோனர் தீர்ந்ததுமே மாத்துங்க.