உதவி தேவை: 4 லட்ச ரூபாய் ஓவன், ஆடிட்டர் எழுதியதோ 30,000 தேய்மானம்

கோவில்பட்டி பேக்கரி:
மாமாவின் பேக்கரிக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். 2024 செப்டம்பர் 18 அன்று புது ஓவனுக்குப் பில் போட்டார்கள். விலை 4,00,000, ஜிஎஸ்டி தனியாக 72,000. மும்முனை மின் இணைப்பு வரத் தாமதமானதால் டிசம்பர் 1 அன்றுதான் முதல் ரொட்டி வெந்தது. மாமா தன் நோட்டில் முழு 4 லட்சத்தையும் அந்த வருடச் செலவாக எழுதி, நஷ்டம் என்று புலம்பினார். இந்த வருடமோ "ஓவன் காசு போன வருஷமே முடிஞ்சது" என்று பன் விலையை ஏற்ற மறுக்கிறார். ஆடிட்டர் 2024-25க்குத் தேய்மானமாக 30,000 மட்டும் எழுதியிருக்கிறார். யார் கணக்கு சரி?

பிகாம் இரண்டாம் வருடம்:
ஆடிட்டர் தப்பு, ப்ரோ. இயந்திரங்களுக்கு 15 சதவீதம். 4,72,000க்கு 70,800 வரும். 180 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் பாதி விகிதம். செப்டம்பர் 18 முதல் மார்ச் 31 வரை 195 நாள் இருக்கிறதே.

கணக்குப்பிள்ளை:
தம்பி, 15 சதவீதம் சரி, மற்ற இரண்டும் சரியில்லை. நாளைப் பில் தேதியிலிருந்து எண்ணக் கூடாது, உபயோகத்துக்கு வந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். டிசம்பர் 1 முதல் 121 நாள்தான். அதனால் ஏழரை சதவீதம். கரண்டே வராத ஓவனைத் தயாராக இருந்தது என்று வாதாடவும் முடியாது. அந்த 72,000ஐ ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டீர்களா?

கோவில்பட்டி பேக்கரி:
ஆமாம் சார், கழித்துவிட்டோம்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் அதற்குத் தேய்மானம் கேட்க முடியாது. 4,00,000க்கு ஏழரை சதவீதம், 30,000. ஆடிட்டர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். மீதி எங்கேயும் போய்விடவில்லை. 3,70,000 நிற்கிறது. அதில் 15 சதவீதமாக 2025-26க்கு 55,500 வரும். அதற்கடுத்த வருடம் மிச்சம் 3,14,500க்குப் போட்டால் 47,175. இதுதான் குறைந்து செல் மதிப்பு முறை. வருமான வரிக்கு உங்கள் கடை மாதிரி தொழிலில் இதை விட்டால் வேறு வழி கிடையாது.

ஆனால் மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டாதீர்கள், குழம்பிவிடுவார். விலை போடுவதற்கு நேர்கோட்டு முறைதான் அவருக்குப் புரியும். ஓவன் எட்டு வருடம் உழைக்கும், கடைசியில் பழைய விலைக்கு 40,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3,60,000ஐ எட்டால் வகுத்தால் வருடம் 45,000, மாதம் 3,750, நாள் ஒன்றுக்குச் சுமார் 125. தினம் 500 பன் போட்டால் ஒரு பன்னுக்குக் கால் ரூபாய். எட்டு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கொடுத்துவிட்டோம், அதை மாதாமாதம் பன் விலையில் திரும்ப எடுக்கிறோம் என்று சொல்லுங்கள்.

ஜெராக்ஸ் கடை:
நான் விற்றுமுதலில் 8 சதவீதம் லாபம் என்று காட்டுகிறேன். தேய்மானமே எழுதுவதில்லை. பிறகு முழுக் கணக்குக்கு மாறினால் மெஷினின் முழு விலைக்கும் தேய்மானம் கிடைக்கும்தானே?

கணக்குப்பிள்ளை:
கிடைக்காது அண்ணாச்சி. அந்த வருடங்களில் தேய்மானம் கழித்தாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். மதிப்பு தானாக இறங்கியிருக்கும். இதைத் தனி இழையில் கேளுங்கள்.

பிகாம் இரண்டாம் வருடம்:
அப்போ விலை போடவும் குறைந்து செல் மதிப்பு முறைதானே நல்லது? புது மெஷினுக்கு ரிப்பேர் இருக்காது, தேய்மானம் அதிகம். பழசானால் ரிப்பேர் ஏறும், தேய்மானம் இறங்கும். இரண்டும் சேர்ந்து சமமாகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
நல்ல வாதம்தான். லாரிக்குப் பொருந்தும். ஓவனில் ரிப்பேர் அப்படி ஒழுங்காக ஏறுவதில்லை. திடீரென்று பர்னர் போகும், அப்புறம் இரண்டு வருடம் சத்தமே இருக்காது.

கோவில்பட்டி பேக்கரி:
இன்னொன்று சார். ஓவனுக்கு 3 லட்சம் வங்கிக் கடன், மூன்று வருடம், 12 சதவீத வட்டி. மாதத் தவணை 9,964ஐயும் மாமா செலவில் எழுதுகிறார்.

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் வினை. முதல் தவணையில் 3,000 வட்டி. அது மட்டும்தான் செலவு. மீதி 6,964 கடன் அடைப்பு. ஓவன் விலை ஏற்கனவே முழுதாக அவர் நோட்டில் ஏறிவிட்டது, தவணையில் மறுபடி ஏறுகிறது. ஒரே ஓவனை இரண்டு முறை வாங்கியது போல ஆகிவிடும். கல்லாவில் காசு இருந்தும் நோட்டில் நஷ்டம் காட்டினால் முதலில் இதைப் பாருங்கள்.

கோவில்பட்டி பேக்கரி:
மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். கால் ரூபாய்க் கணக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் "பழைய ஓவன் 14 வருஷம் ஓடுச்சு, இதுக்கு மட்டும் ஏன் எட்டு?" என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
நியாயமான கேள்வி. எட்டு என்பது என் ஊகம்தான். பழையதற்குக் கடைசி ஐந்து வருடத்தில் ரிப்பேருக்கு எவ்வளவு போனது? பில் இருக்கிறதா?

கோவில்பட்டி பேக்கரி:
பில் ஒன்றும் இல்லை சார். ரிப்பேர் பார்த்த அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவார், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.