நெரிசல் பேருந்தில் பதற்றம்: ஐம்புலன் பயிற்சியில் ஓர் உதவி வேண்டும்

வணக்கம். காலை எட்டரை மணி பேருந்தில், நிற்கவே இடமில்லாத கூட்டத்தில், எனக்குத் திடீரென நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது. இதயத்தைப் பரிசோதித்த மருத்துவர், இது பதற்றத் தாக்குதல்தான் என்றார். பார்ப்பது 5, தொடுவது 4, கேட்பது 3, முகர்வது 2, சுவைப்பது 1 என்று மனதுக்குள் பெயர் சொல்லிப் பார்க்கும் பயிற்சியையும் கற்றுக்கொடுத்தார்.

தொடுதல் நன்றாக உதவுகிறது: கம்பியின் குளிர்ச்சி, பை வாரின் சொரசொரப்பு, செருப்பில் பாதம் அழுந்துவது. ஆனால் முகர்வதற்கு வந்ததும் வியர்வையும் டீசல் புகையும் சேர்ந்து குமட்டுகிறது, அடங்கிய படபடப்பு திரும்பிவிடுகிறது.

வாசனையை விட்டுவிட்டுத் தொடுதலையே நீட்டலாமா? கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம், வாயில் இஞ்சி மிட்டாய் என்று யாராவது கொண்டுபோகிறீர்களா? எது கைகொடுத்தது, அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லுங்கள்.